ஆளை மாற்றினால் கோல் விழுமா?

2022 நவம்பர் 23. கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியும் ஜப்பானும் மோதின. 33வது நிமிடத்தில் குண்டோகன் பெனால்டியில் அடித்த கோலால் இடைவேளையின்போது ஜெர்மனி 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பந்து பெரும்பாலும் ஜெர்மானியர்களின் கால்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இடைவேளை முடிந்ததும் ஜப்பான் பயிற்சியாளர் ஹஜிமே மோரியாசு, முன்கள வீரர் குபோவை வெளியே எடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர் டோமியாசுவை இறக்கினார். 57வது நிமிடத்தில் மிட்டோமாவும் அசானோவும் வந்தார்கள். 71இல் டோவான் வந்தார். அதற்குச் சில நிமிடங்கள் கழித்து மினாமினோ. 75வது நிமிடத்தில் மிட்டோமா உள்ளே வெட்டி மினாமினோவிடம் பந்தைக் கொடுத்தார். மினாமினோ உதைத்ததை ஜெர்மன் கோல்காப்பாளர் நொயர் தட்டிவிட்டார். தட்டிய பந்து டோவானின் காலுக்கு வந்தது. கோல். அந்தக் கோலில் தொடர்புடைய மூவருமே ஆட்டத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து தொடங்கியவர்கள். 83வது நிமிடத்தில் அசானோ இன்னொரு கோல் போட்டார். ஜப்பான் 2-1 என்று வென்றது.

பயிற்சியாளர் ஆளை மாற்றினார், ஆட்டம் மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஸ்பெயினுக்கு எதிராகவும் அதே கதை நடந்தது. இடைவேளையில் இறங்கிய டோவான் 48வது நிமிடத்தில் கோல் போட்டார். உடன் இறங்கிய மிட்டோமா எல்லைக்கோட்டின் விளிம்பில் இருந்து மீட்டுக் கொடுத்த பந்தை 51இல் டனாகா கோலாக்கினார். மீண்டும் 2-1.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஜப்பான் கோஸ்டா ரிகாவுடன் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றும் மோரியாசு இடைவேளையிலேயே அசானோவை இறக்கினார். ஒரு மணி நேரம் கடந்ததும் மிட்டோமாவை இறக்கினார். ஜப்பான் ஒரு கோலும் போடவில்லை. 81வது நிமிடத்தில் கோஸ்டா ரிகாவின் ஃபுல்லர் போட்ட கோலில் தோற்றது. நாக் அவுட் சுற்றில் குரோஷியாவுக்கு எதிராகவும் அசானோவும் மிட்டோமாவும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சேர்ந்தே வந்தார்கள். கோல் வரவில்லை, ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டில் போனது. அதே பயிற்சியாளர், அதே வீரர்கள், ஏறக்குறைய அதே நேரம். இரண்டு முறை பலித்தது, இரண்டு முறை பலிக்கவில்லை. பலித்ததை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஜெர்மனி ஆட்டத்தையே இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அசானோவும் மிட்டோமாவும் வந்த சில நிமிடங்களில், 60வது நிமிடத்தில், குண்டோகன் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 70வது நிமிடத்தையொட்டி ஜெர்மனி அடுத்தடுத்து உதைத்த பந்துகளை ஜப்பான் கோல்காப்பாளர் கோன்டா ஒற்றை ஆளாகத் தடுத்தார். அந்தப் பந்து கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே போயிருந்தால் 2-0. அப்போது அதே மாற்றங்களை, தடுப்பை நம்பாமல் பதறிப்போய்ச் செய்தவை என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே ஒரு ஆட்டத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்தால்? 60வது நிமிடத்துக்குப் பிறகு செய்யும் மாற்றங்கள் உண்மையிலேயே கோல்களைக் கூட்டுகின்றனவா? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் எண்ணத் தொடங்கும் இடத்திலேயே சிக்கல் காத்திருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை உண்மை. யாரையும் மாற்றாவிட்டாலும் கால்பந்தில் பிற்பகுதியில் கோல்கள் கூடும். பெரிய லீக்குகளில் இரண்டாவது பாதியில் விழும் கோல்கள் முதல் பாதியைவிட எப்போதும் அதிகம். கடைசிக் கால் மணி நேரம்தான் பட்டியலில் முதலிடம் பிடிக்கும். தடுப்பாட்டக்காரர்களின் கால்கள் தளர்கின்றன. பின்தங்கிய அணி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று முன்னேறி ஆடுகிறது; அதனால் அதன் பின்னால் விரியும் வெளியில் எதிரணியும் புகுந்து கோல் போடுகிறது. இன்னொன்று கணக்கு எழுதும் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. 76 முதல் 90 வரை என்று பட்டியலில் போடும் கட்டத்தில், 90 முடிந்த பிறகு நடுவர் சேர்த்துத் தரும் இஞ்சுரி டைம் கோல்களையும் போட்டுவிடுகிறார்கள். பெயரளவில் 15 நிமிடம். உண்மையில் 20 நிமிடமோ அதற்கும் மேலோ. மற்றக் கட்டங்களோடு ஒப்பிட்டால் அது உயர்ந்து தெரிவதில் வியப்பில்லை.

மாற்று ஆட்டக்காரர்கள் இறங்குவது சரியாக இந்த நேரத்தில்தான். காய்ச்சல் தானாக இறங்கத் தொடங்கும் மூன்றாம் நாளில் கஷாயம் குடித்தவர் கஷாயத்துக்கு நன்றி சொல்வதுபோல, தானாகவே கோல் கூடும் நேரத்தில் களம் புகுந்தவருக்கு அந்தக் கோல்களின் பெருமை போய்ச் சேர்கிறது. மாற்று ஆட்டக்காரர்கள் நிமிடக் கணக்கில் பார்த்தால் தொடக்க ஆட்டக்காரர்களைவிட அதிகக் கோல் போடுகிறார்கள் என்று வரும் புள்ளிவிவரங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அப்படியே ஏற்பதில்லை. அவர்கள் ஆடிய நிமிடங்களும் மற்றவர்கள் ஆடிய நிமிடங்களும் ஒரே தரமானவை அல்ல.

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓலே குன்னர் சோல்ஷார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999 பிப்ரவரி 6 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக 70 நிமிடங்களுக்குப் பிறகு இறங்கி நான்கு கோல் போட்டார். மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதும் எல்லோரும் குறிப்பிடும் சாதனை அது. ஆனால் அவர் இறங்கும்போதே யுனைடெட் 4-1 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணி மனமுடைந்து போயிருந்தது. முடிவு 8-1. சோல்ஷாரின் திறமையில் யாருக்கும் ஐயம் வேண்டாம். ஆனால் அவரை அனுப்பியதால் யுனைடெட் எத்தனை கோல் கூடுதலாகப் பெற்றது என்றால், அதற்கு நான்கு என்ற பதில் சரியாகாது. ஏற்கெனவே களத்தில் இருந்தவரே தொடர்ந்திருந்தால் அந்த இருபது நிமிடத்தில் எத்தனை விழுந்திருக்கும் என்பதைக் கழித்தாக வேண்டும். அந்த எண் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. அதை மதிப்பிடுவதுதான் இந்தத் துறையின் முழு வேலையும்.

2012இல் அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் மையர்ஸ், விளையாட்டுப் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பாவின் பெரிய லீக்குகள், அமெரிக்க லீக், 2010 உலகக் கோப்பை ஆகியவற்றின் ஆட்டங்களை வைத்து அவர் ஒரு விதியை முன்வைத்தார். அணி பின்தங்கியிருந்தால் முதல் ஆளை 58வது நிமிடத்துக்கு முன் மாற்றுங்கள். இன்னும் பின்தங்கியிருந்தால் இரண்டாவது ஆளை 73க்கு முன். அப்போதும் பின்தங்கியிருந்தால் மூன்றாவது ஆளை 79க்கு முன். சமநிலையிலோ முன்னிலையிலோ இருந்தால் எப்போது மாற்றினாலும் சரி. அப்போது ஒரு ஆட்டத்துக்கு மூன்று மாற்றங்கள்தான் அனுமதி. இந்த விதிப்படி நடந்த அணிகள், நடக்காத அணிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி கோல் வித்தியாசத்தைக் குறைத்தன என்பது அவர் கண்டது.

இரண்டு மடங்கு! பயிற்சியாளர்கள் பெரும்பாலும் 58க்குப் பிறகுதான் முதல் ஆளை மாற்றுகிறார்கள். அப்படியானால் உலகம் முழுவதும் எத்தனையோ கோல்கள் பெஞ்சிலேயே வீணாகிக்கொண்டிருந்தன என்றாகிறது. 58-73-79 என்ற எண்கள் வேகமாகப் பரவின. தொலைக்காட்சி வர்ணனைகளில்கூட ஒலித்தன.

இப்படிப்பட்ட ஒப்பீட்டில் எங்கே கால் வழுக்கும் என்பதைக் கற்பனையான ஒரு கணக்கில் பார்க்கலாம். பெரிய லீக்கில் ஒரு அணி 90 நிமிடத்தில் சராசரியாக 1.35 கோல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.015. ஆளை மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். 60வது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கியிருக்கும் 100 அணிகளை எடுப்போம். 50 அணிகள் உடனே ஆளை மாற்றுகின்றன. மற்ற 50 அணிகளின் பயிற்சியாளர்கள் 75வது நிமிடத்தில், அப்போதும் பின்தங்கியிருந்தால் மாற்றலாம் என்று காத்திருக்கிறார்கள். இஞ்சுரி டைமையும் சேர்த்து இன்னும் 35 நிமிடம் ஆட்டம் மிச்சம் இருக்கிறது.

சீக்கிரம் மாற்றிய 50 அணிகளில், 35 நிமிடத்தில் குறைந்தது ஒரு கோலாவது போடும் வாய்ப்பு 41 சதவீதம். ஏறக்குறைய 20 அணிகள் கோல் போடும். காத்திருந்த 50 அணிகளில், முதல் 15 நிமிடத்தில் கோல் போடும் வாய்ப்பு 20 சதவீதம். 10 அணிகள் 75க்கு முன்பே சமன் செய்துவிடும். அவை இப்போது பின்தங்கிய அணிகள் அல்ல. தாமதமாக மாற்றிய பின்தங்கிய அணிகள் என்ற பட்டியலில் அவற்றின் பெயர் வராது. பட்டியலில் மிஞ்சுவது 40. மீதி 20 நிமிடத்தில் இவற்றில் கோல் போடும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறக்குறைய 10 அணிகள்.

இப்போது கணக்கு எழுதுபவரின் பட்டியலைப் பாருங்கள். சீக்கிரம் மாற்றியவை 50இல் 20, அதாவது 40 சதவீதம். தாமதமாக மாற்றியவை 40இல் 10, அதாவது 25 சதவீதம். சீக்கிரம் மாற்றுவதே நல்லது என்று பட்டியல் அடித்துச் சொல்கிறது. ஆனால் காத்திருந்த 50இல் மொத்தம் கோல் போட்டவை 10 கூட்டல் 10, அதாவது 20. இரண்டு குழுவும் சமம். சமமாக இருக்கும் என்று முன்பே முடிவுசெய்துகொண்டுதான் தொடங்கினோம். அந்த 15 சதவீத வித்தியாசம் களத்தில் பிறக்கவில்லை, பட்டியல் போட்ட விதத்தில் பிறந்தது.

இரண்டு பிழைகள் இங்கே சேர்ந்திருக்கின்றன. சீக்கிரம் மாற்றியவருக்குக் கோல் போட அதிக நேரம் கிடைத்தது. தாமதமாக மாற்றியவர்களின் குழுவில் இருந்து, காத்திருந்த நேரத்தில் வெற்றி கண்டவர்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது பிழை நன்றாகத் தெரியும். சிகிச்சை தொடங்கும் நாள்வரை உயிரோடு இருந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகவோ கெட்ட மருந்தாகவோ தெரியலாம். மையர்ஸ் செய்தது இதே பிழைதான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எந்த நிமிடத்தில் மாற்றினார்கள் என்பதை வைத்து அணிகளைக் குழுவாகப் பிரிக்கும் எந்த ஒப்பீடும் இந்தக் குழியின் விளிம்பில்தான் நிற்கிறது.

இன்னொரு சிக்கல், பயிற்சியாளர்கள் சீட்டுக் குலுக்கி ஆளை மாற்றுவதில்லை என்பது. எந்த அணி 55வது நிமிடத்திலேயே தைரியமாக மாற்றுகிறது? பெஞ்சில் நல்ல ஆள் இருக்கிற அணி. அப்படிப்பட்ட அணி பெரும்பாலும் பணக்கார அணி. சொந்த மைதானத்தில் எதிர்பாராமல் ஒரு கோல் வாங்கியிருக்கும். அது எப்படியும் திருப்பிப் போடக்கூடிய அணிதான். பெஞ்சில் 19 வயது இளைஞர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அணியின் பயிற்சியாளர் 80வரை தள்ளிப்போடுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிமிடத்துக்குப் பெருமை கொடுப்பது, பெஞ்சின் விலைக்குப் போக வேண்டிய பெருமையைக் கடிகாரத்துக்குக் கொடுப்பது.

2016இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஜித சில்வாவும் டிம் ஸ்வார்ட்ஸும் அதே ஆய்விதழில் மையர்ஸின் விதியை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். விதியைப் பின்பற்றினார்களா இல்லையா என்று கேட்காமல், இரண்டாவது பாதியின் எந்த நேரத்திலாவது மாற்றம் செய்த பின்தங்கிய அணிக்குக் கோல் வாய்ப்பு கூடுகிறதா என்று, அணிகளின் பலத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று, சம பலமுள்ள அணிகள் ஆடும்போது, இரண்டாவது பாதியில் பின்தங்கிய அணிக்கே கோல் போடும் வாய்ப்பு சற்று அதிகம். முன்னிலையில் இருப்பவர்கள் பின்வாங்கிக் கோட்டையைக் காக்கத் தொடங்குவதும் பின்தங்கியவர்கள் துணிந்து ஏறுவதும் இதற்குப் போதுமான விளக்கம். இரண்டாவது, மாற்றம் செய்ததால் பயன் கூடுகிறது என்று பிரித்துக் காட்டக்கூடிய நேரம் எதுவும் இரண்டாவது பாதியில் தென்படவில்லை. 58 என்ற எண்ணுக்கு மந்திர சக்தி இல்லை. மையர்ஸ் இதற்கு மறுப்பு எழுதினார். விவாதம் அத்தோடு முடியவில்லை. ஆனால் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பின்தங்கிய அணிக்குத் தானாகவே கோல் வாய்ப்பு கூடுகிறது. பின்தங்கிய அணிதான் சீக்கிரம் ஆளை மாற்றுகிறது. ஆகவே மாற்றத்துக்குப் பின் கோல் வருவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். மாற்றம் அந்தக் கோலைக் கொண்டுவந்ததா என்பது இன்னும் தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

பயன் தென்படவில்லை என்பதைப் பயன் இல்லை என்று படிக்கக்கூடாது. இங்கே அவசரப்பட்டு எழுதுபவர்கள் அதிகம். புதிய கால்களால் எந்த நன்மையும் இல்லை என்று சொல்வது உடலியலுக்கே பொருந்தாது. 2003இல் மோர், குருஸ்ட்ருப், பாங்ஸ்போ ஆகிய மூவரும் உயர்மட்ட ஆட்டக்காரர்களின் ஓட்டத்தை அளந்து வெளியிட்ட ஆய்வில், மாற்று ஆட்டக்காரர்கள் கடைசி 15 நிமிடத்தில் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக வேக ஓட்டம் ஓடியிருந்தார்கள். அளக்கப்பட்ட மாற்று ஆட்டக்காரர்கள் 13 பேர்தான். ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. ஓட்டம் கூடுகிறது, அதில் ஐயமில்லை. ஓட்டம் எவ்வளவு கோலாக மாறுகிறது என்பதுதான் தெரியவேண்டியது. 11 பேரில் ஒருவர் கால்வாசி கூடுதலாக ஓடினால் அணியின் கோல் விகிதம் கால்வாசி கூடிவிடாது. எதிரணியும் சும்மா இருப்பதில்லை. நீங்கள் புதிய விங்கரை இறக்கினால் அவர்கள் களைத்த பேக்கை மாற்றுகிறார்கள். இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

பயன் சிறிதாக இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு நல்ல மாற்றம் அணியின் கோல் விகிதத்தை 10 சதவீதம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார். 30 நிமிடத்தில் சராசரி 0.45 கோல் 0.495 ஆகிறது. வித்தியாசம் 0.045, அதாவது 22 ஆட்டத்துக்கு ஒரு கோல். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் விழும் கோல் 0, 1, 2 என்று எகிறிக் குதிக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே 0.045 என்ற மெல்லிய குரலைக் கேட்க, வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி, சீக்கிரம் மாற்றியவை சுமார் 3,650, தாமதமாக மாற்றியவை சுமார் 3,650 வேண்டும். மொத்தம் 7,300. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிதான் பின்தங்கியிருக்க முடியும். 380 ஆட்டத்திலும் 60வது நிமிடத்தில் யாரோ ஒருவர் பின்தங்கியிருந்தாலும் 19 பருவங்கள் ஆகும். உண்மையில் பல ஆட்டங்கள் அப்போது சமநிலையில் இருக்கும்; ஆகவே இன்னும் அதிகம். 19 பருவத்தில் விதிகள் மாறும், பந்தய வேகம் மாறும், பயிற்சி முறையே மாறும். ஒரு லீக்கை வைத்துச் சீக்கிரம் மாற்றுவது 10 சதவீதம் பயன் தருகிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அந்த உறுதி தரவில் இருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு மடங்கு என்ற முடிவை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கும் இதுவே காரணம். ஒரு ஆள் மாற்றம் அவ்வளவு பெரிய பயனைத் தந்தால், இத்தனை ஆண்டுக் கால்பந்தில் பயிற்சியாளர்களின் கண்ணுக்கே அது தட்டுப்பட்டிருக்கும்.

அப்படியானால் சரியாக எண்ணுவது எப்படி? கடிகாரத்தை மாற்றம் நடந்த நிமிடத்தில் தொடங்கக்கூடாது; எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் தொடங்க வேண்டும். 60வது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கிய எல்லா அணிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு முன் பந்தய நிறுவனங்கள் கொடுத்திருந்த விகிதங்கள் அணிகளின் பலத்துக்கு நல்ல அளவுகோல். அதை வைத்து ஒத்த அணிகளை ஜோடி சேர்க்க வேண்டும். சிவப்பு அட்டை வாங்கியவர்களையும் காயத்தால் கட்டாயமாக மாற்றியவர்களையும் தனியே வைக்க வேண்டும். ஜோடியில் ஒன்று 60இல் மாற்றியது. மற்றது அப்போது மாற்றவில்லை. மாற்றாதது 70இல் மாற்றினாலும், 65இல் கோல் போட்டு மாற்றாமலேயே விட்டாலும், அதன் குழுவிலேயே இருக்க வேண்டும். பட்டியலைவிட்டு யாரும் வெளியேறக்கூடாது. இருவரும் கடைசி விசில்வரை போட்ட கோலையும் வாங்கிய கோலையும் எண்ண வேண்டும். இதையே 61, 62 என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் திரும்பச் செய்ய வேண்டும். இந்த முறையில் கிடைக்கும் வித்தியாசம் எப்போதும் சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் காத்திருந்தவர்களும் பிறகு மாற்றிவிடுகிறார்கள். ஒப்பீடு, மாற்றுவதற்கும் மாற்றாததற்கும் இடையே அல்ல. இப்போது மாற்றுவதற்கும் பிறகு மாற்றுவதற்கும் இடையே. பயிற்சியாளரின் கையில் இருக்கும் கேள்வியும் அதுதான்.

வாங்கிய கோலையும் எண்ண வேண்டும் என்றேன். இது முக்கியம். தடுப்பாட்டக்காரரை எடுத்துவிட்டு முன்கள வீரரை இறக்கினால் இரு பக்கமும் கோல் கூடலாம். 60க்குப் பின் போட்ட கோல்கள் என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் மாற்றம் பலித்ததுபோலவே தெரியும். புள்ளிப் பட்டியலில் ஒன்றும் மாறியிருக்காது. முன்னிலையில் இருக்கும் அணி செய்யும் மாற்றத்துக்கோ பயனே கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் விழாத கோலை யாரும் எண்ணுவதில்லை. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஷெரிங்ஹாம், சோல்ஷார் என்ற இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள் இஞ்சுரி டைமில் போட்ட கோல்களை எல்லோரும் அறிவார்கள். அதே ஆட்டத்தில் பயர்ன் மியூனிக் அணியின் மெஹ்மட் ஷோலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர்தான். 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது அவர் உயர்த்தி அடித்த பந்து கம்பத்தில் பட்டு யுனைடெட் கோல்காப்பாளரின் கைக்கே திரும்பியது. அது உள்ளே விழுந்திருந்தால் அந்த இரவின் சிறந்த மாற்றம் பயர்ன் பயிற்சியாளருடையது.

விதி மாறும்போது இயற்கையே ஒரு சோதனை நடத்தித் தரும். 2020 மே மாதம், கொரோனாவுக்குப் பிறகு ஆட்டங்கள் நெருக்கமாக நடந்ததால், மூன்று மாற்றங்களுக்குப் பதில் ஐந்து என்று அனுமதித்தார்கள். ஆட்டம் அடிக்கடி நிற்கக்கூடாது என்பதற்காக, இடைவேளை நீங்கலாக மூன்று தடவைக்குள் ஐந்து பேரையும் மாற்றிவிட வேண்டும். 2022இல் இது நிரந்தரமானது. இங்கிலாந்து பிரீமியர் லீக் மட்டும் 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களில் மூன்றுக்கே திரும்பிப்போய், 2022-23இல் ஐந்துக்கு மாறியது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று மாற்றங்களோடு நடந்த 2021-22இல் மொத்தம் 1,071 கோல்கள். ஐந்து மாற்றங்களோடு நடந்த 2022-23இல் 1,084. 380 ஆட்டத்துக்கு 13 கோல் வித்தியாசம். பருவத்துக்குப் பருவம் தற்செயலாகவே இதைவிட அதிகம் ஏறி இறங்கும். ஒரு அணிக்குக் கூடுதலாக இரண்டு புதிய ஆட்டக்காரர்கள் கிடைத்தும் மொத்தக் கோல் எண்ணிக்கை அசையவில்லை.

அடுத்த பருவம், 2023-24இல், அதே ஐந்து மாற்றங்களோடு கோல்கள் 1,246 ஆக எகிறின. 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக்கில் அதுவே சாதனை. 2024-25இல் 1,115 ஆக இறங்கியது. 2023-24இல் மாறியது மாற்றங்களின் எண்ணிக்கை அல்ல. வீணான நேரத்தையெல்லாம் துல்லியமாகக் கணக்கிட்டு இஞ்சுரி டைம் தரும்படி நடுவர்களுக்கு அந்தப் பருவத் தொடக்கத்தில் அறிவுறுத்தியிருந்தார்கள். ஆட்டங்கள் சராசரியாக 100 நிமிடத்தைத் தாண்டின. ஏற்றம் முழுவதற்கும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. 10 நிமிடத்தில் 0.015 என்ற விகிதத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 0.3 கோல்தான் வரும். 1,084க்கும் 1,246க்கும் இடையே ஆட்டத்துக்கு 0.43 கோல் வித்தியாசம் இருக்கிறது. முந்தைய பருவத்திலும் இஞ்சுரி டைம் இருந்ததால், கூடுதலாகக் கிடைத்தது 10 நிமிடத்துக்கும் குறைவு. மீதி தற்செயலும் ஆட்டப் பாணியும். ஆனாலும் 60க்குப் பிறகு விழுந்த கோல்களை வெறுமனே எண்ணி, ஐந்து மாற்றங்கள் பலன் தருகின்றன என்று அந்தப் பருவத்தைக் காட்டி எழுதியிருந்தால், நடுவரின் கைக்கடிகாரம் போட்ட கோல்களில் பலவற்றைப் பெஞ்சின் கணக்கில் எழுதியதாகியிருக்கும்.

இந்த லீக் மொத்தங்களும் நம் கேள்விக்கு முழுப் பதில் அல்ல. இரண்டு அணிக்கும் ஐந்து மாற்றங்கள் கிடைத்திருப்பதால், பெஞ்சில் ஐந்து தரமான ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் அணி, மூன்று பேருக்கே தடுமாறும் அணியைக் கடைசி அரை மணியில் கூடுதலாக அழுத்தக்கூடும். மொத்தக் கோல் மாறாமலேயே அவை யார் வலையில் விழுகின்றன என்பது மாறக்கூடும். அதைப் பார்க்க வேண்டுமானால் கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கோல் வாய்ப்பின் தரத்தை அளக்கும் எக்ஸ்ஜி போன்ற அளவுகளை, உண்மையில் ஆடிய நிமிடத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு அணி போடும் கோல் ஒன்றோ இரண்டோ; உதைக்கும் பந்துகள் பத்துக்கும் மேல். அதனால் இரைச்சல் வெகுவாகக் குறையும். 19 பருவம் கேட்ட கேள்வி ஏழெட்டு பருவத்தில் பதில் தரலாம். பெரிய கிளப்புகள் தங்கள் ஆய்வாளர்களை வைத்து இந்த வேலையைத்தான் இப்போது செய்கின்றன. எந்த நிமிடம் என்று அவர்கள் தேடுவதில்லை. இந்த ஆட்டக்காரரின் வேக ஓட்டம் இன்று வழக்கத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது, அவருக்குப் பதில் இறங்கக் காத்திருப்பவர் அதைவிட எவ்வளவு தர முடியும் என்று ஆளுக்கு ஆள் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒருவரை 52வது நிமிடத்தில் எடுக்க வேண்டியிருக்கும். இன்னொருவரைக் கடைசி விசில்வரை தொடவே வேண்டியிருக்காது.